இணையம் இல்லாத மண்டபத்தில் கைத்தொலைபேசியே விசைப்பலகை



கைத்தொலைபேசியைக் கொண்டு கணினியை இயக்கலாம் என்றவுடன், "அதற்கு வைஃபை வேண்டுமே" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். தோட்டப்புறத்து மண்டபங்களில் வைஃபை இருக்காது. சிம் அட்டைக்கும் ஒரு கோடுகூட அலை கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்திலும் புளூடூத் வேலை செய்யும். காரணம், அது கோபுரத்தையோ இணையத்தையோ தேடிப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் பொருளும் மேசையில் இருக்கும் கணினியும் நேருக்கு நேர் பேசிக் கொள்கின்றன.

புளூடூத் வழியாகக் கணினியை இயக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணினியிலும் ஒரு மென்பொருளைப் பதித்து, தொலைபேசியிலும் அதன் துணைச் செயலியைப் பதிப்பது. உங்கள் சொந்தக் கணினி என்றால் இது சரி. பள்ளிக் கணினியிலோ மண்டபத்துக் கணினியிலோ புதிதாக எதையும் பதிக்க விடமாட்டார்கள். ஆகவே இன்று நான் பேச விரும்புவது இரண்டாவது வழியைப் பற்றி. இதில் கணினியில் எதையுமே பதிக்க வேண்டியதில்லை. தொலைபேசி தன்னை ஒரு விசைப்பலகை என்றும் மவுஸ் என்றும் கணினியிடம் அறிமுகம் செய்து கொள்ளும். கடையில் வாங்கிய கம்பியில்லா விசைப்பலகையை ஏற்றுக்கொள்வது போலவே கணினி அதையும் ஏற்றுக்கொள்ளும்.

இது புதிய வித்தை அல்ல. 2005-இல் வந்த சோனி எரிக்சன் கே750 போன்ற தொலைபேசிகளிலேயே இந்த வசதி இருந்தது. ஆண்டிராய்டில் 2018-இல் வெளியான 9-ஆம் பதிப்பிலிருந்துதான் செயலி எழுதுபவர்களுக்கு முறையாக இதற்கான கதவு திறந்தது. ஆயினும் சில தயாரிப்பாளர்கள் தங்கள் தொலைபேசிகளில் இதை அடைத்து வைத்திருக்கிறார்கள். புளூடூத் விசைப்பலகைச் செயலி ஒன்றை இறக்கித் திறந்து பாருங்கள். உங்கள் தொலைபேசியில் அந்த வசதி இல்லையென்றால் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். இறக்குவதை வீட்டில் இணையம் இருக்கும்போதே செய்து விடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். சாதாரணச் செயலி ஒன்று இப்படி விசைப்பலகையாக மாற ஆப்பிள் இடம் தருவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். தமிழ்ப்பள்ளி ஒன்றில் புதிர்ப்போட்டி. மடிக்கணினி, ஒளிப்படக்கருவிக்குப் பக்கத்தில், மண்டபத்தின் நடுவில் இருக்கிறது. நடத்தும் ஆசிரியை மேடையில் நிற்கிறார். "அடுத்த படம்" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு மாணவன் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். டீச்சர் தம் தொலைபேசியையே பயன்படுத்த முடிவு செய்கிறார்.

முதலில் தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றி, பிறகு புளூடூத்தை மட்டும் திரும்பத் திறக்கிறார். இதனால் நடுவில் அழைப்பு எதுவும் வராது. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. விசைப்பலகைச் செயலி திரைக்கு முன்னால் இருக்கும்வரைதான் தொலைபேசி விசைப்பலகையாக இருக்கும். அழைப்பு ஒன்று வந்து திரையை மறைத்தாலும், தொலைபேசி தானாகப் பூட்டிக் கொண்டாலும் தொடர்பு அறுந்து போகலாம். ஆகவே திரை அணையும் நேரத்தையும் நீட்டி வைத்துக் கொள்வது நல்லது.

அடுத்து, செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியின் புளூடூத் அமைப்பில் Add device என்பதை அழுத்துகிறார். தொலைபேசியின் பெயர் வருகிறது. இரண்டு திரைகளிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பார்த்து ஒப்புக் கொள்கிறார். இணைந்துவிட்டது என்று கணினி சொல்கிறது. ஆனால் தொலைபேசியில் விரலை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி அசையவில்லை!

இங்கேதான் பலர் "இது ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். போன மாதம் படம் அனுப்புவதற்காக அதே தொலைபேசியை அதே கணினியோடு யாரோ இணைத்திருப்பார்கள். அன்று அது வெறும் தொலைபேசி. கணினி அந்தப் பழைய அறிமுகத்தையே நினைவில் வைத்திருக்கிறது. கணினியில் Remove device, தொலைபேசியிலும் அந்தக் கணினியின் பெயரை நீக்குவது, இரண்டையும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது. பிறகு செயலி திறந்திருக்கும் நிலையில் புதிதாக இணைத்தால், இம்முறை அது விசைப்பலகையாகப் பதிவாகும். அம்புக்குறியும் நகரும்.

படக்காட்சியைத் தொடங்க F5, அடுத்த படத்துக்கு Page Down. கடையில் விற்கும் படக்காட்சிக் கருவிகளும் பெரும்பாலும் இந்த Page Down விசையைத்தான் அனுப்புகின்றன. பவர்பாயிண்டில் B என்ற எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். விடையைச் சொல்வதற்கு முன் கூட்டத்தைத் தம் பக்கம் திருப்ப டீச்சருக்கு இது மிகவும் கைகொடுக்கும். தூரத்தைப் பொறுத்தவரை, சுமார் 10 மீட்டரைக் கணக்கில் வையுங்கள். காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது ஓடியது, கூட்டம் நிறைந்ததும் தடுமாறலாம். மனித உடலில் இருக்கும் நீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்கிறது. தொலைபேசியை முதுகுப் பக்கப் பையில் வைக்காமல், கணினியை நோக்கிக் கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது தமிழுக்கு வருவோம். அணியின் பெயரைத் திரையில் எழுத வேண்டும் என்று டீச்சர் தொலைபேசியில் "முல்லை" என்று தட்டுகிறார். கணினியில் ஒன்றும் வரவில்லை. தொலைபேசி பழுதாகவில்லை. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதே இல்லை, எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. a என்ற விசையின் எண் 4. அந்த 4 கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்தாகிறது. ஆங்கில அமைப்பில் அது a, பிரெஞ்சு அமைப்பில் அதே 4 q ஆகிவிடும். "மு" என்ற எழுத்துக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது.

எனவே தமிழைத் தொலைபேசியில் தேடாமல் கணினியில் தேட வேண்டும். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறை இங்கே உதவுகிறது. விண்டோஸ் 10-இல் 2019-ஆம் ஆண்டு மே மாத மேம்பாட்டோடு தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டும் சேர்ந்தன. மேக் கணினிகளிலும் அஞ்சல் உண்டு. கணினியில் அஞ்சலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளில் mullai என்று தட்டினால், திரையில் முல்லை என்று வரும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். உங்கள் செயலியில் விண்டோஸ் விசை இருந்தால் அதையும் மேடையிலிருந்தே செய்யலாம்.

இந்த முறையில் கணினித் திரை உங்கள் தொலைபேசியில் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசைப்பலகைக்குக் கண் இல்லை. பெரிய திரையைப் பார்த்துத்தான் வேலை செய்ய முடியும். கணினி உறங்கிப் போனால் தொலைபேசியால் எழுப்ப முடியாமலும் போகலாம். உறங்காதபடி முன்கூட்டியே அமைத்து விடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளூடூத் விசைப்பலகை என்று பொய் சொல்லி, உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலே கருவியோடு இணைந்து, விசைகளை அனுப்ப முடியும் என்று ஆய்வாளர் மார்க் நியூலின் 2023 டிசம்பரில் வெளியிட்டார். ஆண்டிராய்டு, லினக்ஸ், ஆப்பிள் கருவிகள் யாவும் அதில் அகப்பட்டன. திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் மேம்படுத்தப்படாத பழைய கருவிகளில் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. மண்டபத்துக் கணினியில் உங்கள் தொலைபேசியின் பெயரை விட்டுவிட்டு வந்தால், நாளை அந்தப் பக்கம் போகும்போது நீங்கள் செயலியைத் திறந்தவுடன் அது மீண்டும் இணையக்கூடும். வேறு யாரோ உரையாற்றிக் கொண்டிருக்கும்போது உங்கள் விரல் பட்டு அவர்களுடைய படம் மாறினால் நன்றாகவா இருக்கும்? நிகழ்ச்சி முடிந்து ஒளிப்படக்கருவியை அணைக்கும் முன், கணினியிலும் தொலைபேசியிலும் இணைப்பை நீக்கிவிட்டுக் கிளம்புங்கள்.