உச்சிக்குழி விழுந்தால் மந்திரிப்பதா?
(பெரம்பலூர், அரியலூர்ப் பகுதித் தோழர்களிடையே பேசியது)



வாந்திபேதி கண்ட கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இறங்கிவிட்டால், நம் ஜனங்கள் தொக்கம் எடுக்கவும் மந்திரிக்கவும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். போதாக்குறைக்கு, "குடித்தால் இன்னும் போகும்" என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். உச்சிக்குழி இறங்குவது கண்ணேறும் அல்ல, காற்றுச் சேட்டையும் அல்ல. உடம்பின் நீரும் உப்பும் வெளியேறிவிட்டன என்பதற்கு அதுவே அத்தாட்சி. வற்றின குளத்திற்கு மந்திரமா வேண்டும், தண்ணீரா வேண்டும்?

வெறுந்தண்ணீர் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. குடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பேதியின்போதுங்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971ல் வங்காள அகதிகள் நிறைந்த பாங்கான் முகாமில் காலரா பரவி, ஊசி வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனபிஸ் இப்படிக் கலந்த நீரையே குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100க்கு 4க்கும் கீழே இறங்கிற்று. எந்த மந்திரவாதி இதைச் செய்தான்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே உத்தமம். அதன்மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுங்கள். பொட்டலம் வரும்வரை, காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டின தேக்கரண்டியால் சர்க்கரை 6, தூள் உப்பு அரைக் கரண்டி போட்டுக் கரையுங்கள். உப்பு மிஞ்சினால் ஆபத்து; கண்ணீரைவிடக் கரிக்குமானால் கீழே கொட்டிவிடுங்கள். ஒருநாள் கழிந்ததையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வயதுக் குழந்தை என்று வையுங்கள். ஒவ்வொரு தடவை பேதியான பின்பும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுக்கவேண்டும். மடமடவென்று ஊற்றினால் வாந்தியாகும். நிமிஷத்திற்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுத்தால் 20 நிமிஷத்தில் அரை டம்ளர் உள்ளே போய்விடும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது. பேதி நிற்கவில்லையே என்று மலைக்காதீர்கள். இது பேதியை நிறுத்தும் மருந்தன்று, போன நீரை ஈடுகட்டும் மருந்து.

ஆனால் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், 6 மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே படிந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், குடிக்க முடியாமலோ குடித்ததையெல்லாம் கக்கியோ வந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் வீட்டு வைத்தியம் போதாது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையானால் இவற்றிற்கெல்லாம் காத்திராமலே டாக்டரிடம் காட்டவேண்டும். 108ஐக் கூப்பிட்டு, பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கோ அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். விழிப்பிருந்தால் வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். நினைவில்லையானால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

மந்திரிக்கிறவன் வீட்டு வாசலில் காத்துக்கிடக்கும் ஒரு மணி நேரத்தில் அறுபது கரண்டி கொடுத்திருக்கலாம். அந்த அறுபது கரண்டியில்தான் அக்குழந்தையின் உயிர் இருக்கிறது.