வாய்ப்புண் வந்த குழந்தை தண்ணீர் குடிக்க வேண்டும்

(எமது அறக்கட்டளையின் மாதாந்திர மகளிர் நிகழ்ச்சியில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற சில வாரங்களாக நமது தெருக்களில் சிறு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், வாயில் புண்ணும், உள்ளங்கை உள்ளங்கால்களில் கொப்புளமும் வருவதாகப் பல வீடுகளிலிருந்து எங்களிடம் கேட்கிறார்கள். 'அம்மை போட்டிருக்கிறது' என்கிறார்கள் சிலர். 'தக்காளிக் காய்ச்சல்' என்கிறார்கள் சிலர். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லம் பகுதியில் குழந்தைகளிடம் பரவியபோது செய்தித்தாள்களில் வந்த பெயர் அது. மருத்துவர்கள் இதைக் கை, கால், வாய் நோய் என்கிறார்கள். ஆடு மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வேறு கிருமி, இது வேறு கிருமி.

இந்த நோயில் கொப்புளம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் குழந்தையைப் பெரும்பாலும் மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது கொப்புளமல்ல. வாய்ப்புண்ணின் வலியால் தண்ணீர் குடிக்காமல் போவதுதான். எங்கள் குழு கூடவே இருந்து பார்த்த ஒரு வீட்டில் நடந்ததை, அவ்வீட்டார் அனுமதியுடன் பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

அந்தப் பையனுக்கு ஒன்றரை வயது. எடை 10 கிலோ. வியாழக்கிழமை மாலை காய்ச்சல் அடித்தது. இரவு சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை நடுவும் சிவப்பு விளிம்புமாகப் புண்கள் இருந்தன.

வீட்டிலிருந்த உம்மும்மா, 'இது அம்மை, மருந்து கொடுக்கக் கூடாது, குளிப்பாட்டவும் கூடாது' என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது அன்பினால்தான். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் சின்னம்மையில் கொப்புளம் நெஞ்சு, வயிறு, முதுகு என்று உடலின் நடுப்பகுதியில் தொடங்கி அரிக்கும். இந்த நோயில் கை, கால், வாய் ஆகிய மூன்றும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அம்மை என்றாலும் காய்ச்சல் மருந்தையோ தண்ணீரையோ நிறுத்தத் தேவையில்லை.

அன்று முழுவதும் தாய் பால் புட்டியை நீட்டினார். வெதுவெதுப்பான பால். குழந்தை வாயில் வைத்தவுடன் வீரிட்டு அழுது தள்ளிவிட்டான். புட்டியின் காம்பு நேராகப் புண்ணில் உரசுகிறது, சூடும் எரிகிறது. நான்கைந்து முறை அப்படி ஆனபின் புட்டியைப் பார்த்தாலே அழத் தொடங்கினான். 'பிடிவாதம் பண்ணுகிறான்' என்று நினைத்து வாயைப் பிடித்து ஊற்றிப் பார்த்தார்கள். அதையும் வாந்தி எடுத்தான். சனிக்கிழமை நண்பகலில் எங்கள் சகோதரி ஒருவர் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, 'கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?' என்பதே. யோசித்துப் பார்த்தார்கள். சுபுஹுக்கு முன் மாற்றிய துணி இன்னும் காய்ந்தே இருந்தது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. உதடு வறண்டிருந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சில மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இரவே கண்ணைத் திறந்து உம்மாவைத் தேடினான்.

வீட்டுக்கு வந்தபின் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இதைத்தான் நீங்கள் வீட்டில் செய்யப்போகிறீர்கள்.

முதலில் வலியைக் குறைக்க வேண்டும். வலி குறைந்தால்தான் குழந்தை குடிக்கும். இதற்குப் பாராசிட்டமால் போதும். காய்ச்சல், வலி இரண்டுக்கும் அதுவே. அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. எடை ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. பாட்டில்கள் எல்லாம் ஒரே வீரியத்தில் இல்லை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் இந்தப் பையனுக்கு 3 மில்லி. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதென்றால் 6 மில்லி. கைக்குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லிதான் கணக்கு. இந்த வீட்டில் சிரப்பும் இருந்தது, சொட்டு மருந்தும் இருந்தது. '3 மில்லி' என்று மனப்பாடம் செய்துகொண்டு சொட்டு மருந்தில் 3 மில்லி எடுத்திருந்தால் இரட்டிப்பு அளவு போயிருக்கும். ஆகவே ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வெளியே வையுங்கள். லேபிளை மருந்துக் கடையில் காட்டி, உங்கள் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று பாட்டிலின் மேலேயே எழுதி வாங்குங்கள். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் அளவுக் குப்பி அல்லது சிரிஞ்சால் அளங்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் மரத்துப்போக வைக்கும் ஜெல்லையும் சிறு குழந்தைக்குத் தடவாதீர்கள். அது உள்ளே போய் ஆபத்தை உண்டாக்கும். இது வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஊட்டத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வாய் கொஞ்சம் இதமாக இருக்கும். புட்டியை எடுத்து வைத்துவிட்டுச் சிறு கரண்டி அல்லது பாலாடையைக் கையில் எடுங்கள். ஒரு சிறு கரண்டி என்பது 5 மில்லி. மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 100 மில்லி உள்ளே போய்விடும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பால், தண்ணீர், கஞ்சி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். ஒரே மூச்சில் கொடுக்க முயன்றால் நடக்காத காரியம். கரண்டிக் கணக்கில் கொடுத்தால் நடக்கும். அந்தத் தாய் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு 100 மில்லிக்கும் ஒரு கோடு போட்டார். சிறுநீர் போனதற்கு இன்னொரு கோடு. மறுநாள் இரவு எண்ணிப் பார்த்தபோது ஒன்பது கோடுகள் இருந்தன.

எதைக் கொடுப்பது? குளிர்ந்ததாகவும், மெதுவாகவும், காரமும் புளிப்பும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஆறவைத்த பால், இளநீர், நீர்விட்டுக் கரைத்த புளிக்காத மோர், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, மசித்த வாழைப்பழம், ஐஸ்கிரீம் எல்லாம் சரி. 'காய்ச்சலில் குளிர்ச்சி கொடுத்தால் சளி பிடிக்கும்' என்ற பயம் வேண்டாம். குளிர்ச்சி இந்தப் புண்ணின் வலியை மரக்கச் செய்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ரசம், மசாலா சேர்த்த நோன்புக் கஞ்சி போன்றவை புண்ணில் எரியும். கஞ்சி கொடுப்பதானால் வெறும் அரிசிக் கஞ்சியை ஆறவைத்துக் கொடுங்கள். குழந்தை குறைவாகக் குடிக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதே அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தாதீர்கள். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூன்று நான்கு நாள் சோறு சாப்பிடாவிட்டாலும் கவலையில்லை. தண்ணீர் இறங்கினால் போதும்.

காய்ச்சல் சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறிவிடும். 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் போங்கள். தூங்கும்போது திடீர் திடீரென்று கை கால் தூக்கிப் போடுகிறது, எழுப்பினாலும் எழவில்லை, நடையில் தள்ளாட்டம், மூச்சு வாங்குகிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். அரிதாக இக்கிருமி மூளையையும் இதயத்தையும் தாக்கும்; அதன் அறிகுறிகள் இவை.

இனிப் பரவுவதைப் பற்றி. அந்தப் பையன் தேறிய நான்காம் நாள், அதே வீட்டில் மச்சியின் இரு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி உடலில் நுழைந்து மூன்று முதல் ஆறு நாளில்தான் நோய் தெரியும். எனவே அவனுக்குப் புண் இருந்தபோதே, கூட விளையாடியபோதே அவர்களுக்கும் ஒட்டியிருக்கிறது. எச்சில், மூக்குச் சளி, கொப்புள நீர், மலம் ஆகிய நான்கின் வழியாக இது பரவும். முதல் வாரத்தில் மிக அதிகம். காய்ச்சல் விட்டு, கொப்புளம் எல்லாம் காயும் வரை, ஏறக்குறைய ஒரு வாரம், குழந்தையை மக்தபுக்கும் பாலர் பள்ளிக்கும் வலீமா விருந்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். ஒரே சஹனில் சேர்ந்து உண்பதும், நாம் கடித்துக் கொடுப்பதும், கன்னத்தில் முத்தமிடுவதும் அந்த நாட்களில் வேண்டாம்.

கொப்புளம் காய்ந்தபின் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் மலத்தில் கிருமி பல வாரங்கள் இருக்கும். நாம் பிள்ளைகளைத் தண்ணீரால் கழுவி விடுகிறோம். அப்படிக் கழுவிய கையைத் தண்ணீரில் மட்டும் அலசினால் போதாது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாக வேலை செய்யாது. ஒரு மாதத்துக்கு இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். பெரியவர்களுக்கு நோய் வெளியே தெரியாமலேயே இருந்து நம் கையால் பிள்ளைக்குப் போவதும் உண்டு.

கடைசியாக ஒன்று. நோய் போய் ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். 'பிள்ளைக்குக் கைவிரல் நகம் கழன்று வருகிறது, ராத்தா' என்றார். இந்த நோய்க்குப் பின் சில பிள்ளைகளுக்கு நகம் கழலும், உள்ளங்கைத் தோல் உரியும். வலிக்காது, மருந்தும் வேண்டாம். அடியில் புது நகம் முளைத்துவரும். அவனுக்கும் முளைத்துவிட்டது.

உங்கள் வீட்டில் இந்த நோய் வந்தால் கொப்புளத்தை எண்ணாதீர்கள். குடித்த கரண்டியையும் நனைந்த துணியையும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால், இரவானாலும் எங்கள் குழுவை அழையுங்கள், மருத்துவமனைக்குக் கூடவே வருகிறோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தைத் தருவானாக.

வஸ்ஸலாம்.