தன்விவரக் குறிப்புக்கு ஓர் இணையப் பக்கம்

(திருவண்ணாமலையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்குக் கருத்தாளர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. நானும் என் தன்விவரக் குறிப்பை அனுப்பினேன். அதன் மேற்பகுதியில் என் இணையப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்திருந்தேன். பதிலே வரவில்லை. பிறகு, தேர்வுக் குழுவில் இருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். "சார், உங்க பக்கத்தைத் திறந்தோம். எதை அழுத்தினாலும் அனுமதி கேளுங்கன்னுதான் வந்தது. இருபது பேருடையதைப் பார்க்கணும், அடுத்ததுக்குப் போயிட்டோம்" என்றார். தவறு என்னுடையது. அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அரசுப் பள்ளியில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு செயல்பாட்டு அறிக்கை, படம், காணொலி போன்ற சான்றுகளையும் தொகுத்து ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் பழைய கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் எதைக் காட்டுவது என்று பார்ப்போம். தன்விவரக் குறிப்பில் இருப்பதை அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதத்தில் ஆவணத்தில் 16 ஆண்டு அனுபவம் என்றும், பக்கத்தில் 15 ஆண்டு என்றும் இருந்தது. பார்ப்பவருக்கு எதை நம்புவது என்ற குழப்பம். அதனால் இப்போது இரண்டுக்கும் வேலையைப் பிரித்துவிட்டேன். கல்வித் தகுதி, பணியாற்றிய ஆண்டுகள், பெற்ற பயிற்சிகள் எல்லாம் ஆவணத்தில் மட்டும் இருக்கும். பக்கத்தில், ஆவணத்தின் ஒரு வரியில் அடங்காத சான்று மட்டும் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. "எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் கிரிவலப் பாதைக் குப்பைக் கணக்கெடுப்பு" என்று என் ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. பாதை 14 கிலோமீட்டர். நாங்கள் எடுத்துக்கொண்டது பள்ளிக்கு அருகில் 100 மீட்டர் மட்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கு மறுநாளும் அங்கே கிடந்த தண்ணீர்ப் புட்டி, தேநீர்க் குவளை, பாக்குமட்டைத் தட்டு ஆகியவற்றை எண்ணினோம். புள்ளியியல் பாடத்தின் நிகழ்வெண் பட்டியலும் வட்ட விளக்கப்படமும் அந்த எண்களிலிருந்தே வந்தன.

பக்கத்தில் இதற்காக நான் வைத்திருப்பது மூன்றே பொருள்கள். ஒன்று, பிள்ளைகள் நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணிய தாளின் படம். இரண்டு, அதிலிருந்து அவர்கள் வரைந்த வட்ட விளக்கப்படம். மூன்று, நான் எழுதிய நான்கு வரிகள். முதல் மாதம் இரண்டு குழுக்கள் ஒரே இடத்தை எண்ணிவிட்டதையும், அடுத்த மாதம் சுண்ணாம்புக் கட்டியால் எல்லை போட்டதையும் அந்த வரிகள் சொல்கின்றன. இதைப் பார்ப்பவருக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று புரியும். இப்படி மூன்று பணிகள் போதும். முப்பது சான்றிதழ்களைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. அவற்றில் நம் பிறந்த தேதியும் பதிவு எண்ணும் வேறு இருக்கும்.

அடுத்தது, எதைக் காட்டக் கூடாது என்பது. முன்பு என் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் இருந்தது, கீழே பெயர்களோடு. ஒரு மாணவியின் அம்மா வந்து, "சார், இதை யார் வேணும்னாலும் பார்க்கலாமா?" என்று கேட்டார். அன்றே எடுத்துவிட்டேன். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எளிய வழி, முகமும் பெயரும் இல்லாமல் தாளையும் கையையும் படம் எடுப்பது. நம் வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் பக்கத்தில் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

இனி இணைப்பு. நான் பயன்படுத்துவது கூகுள் சைட்ஸ், கட்டணம் இல்லை. பள்ளியின் கணக்கில் தொடங்காதீர்கள். மாறுதல் வந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். சொந்தக் கணக்கில் `sites.google.com` சென்று ஒரே ஒரு பக்கம் உருவாக்கி `Publish` அழுத்தினால் முகவரி கிடைக்கும். அந்த முகவரியைப் பிறகு மாற்றக் கூடாது. மாற்றினால், ஏற்கெனவே அனுப்பிய ஆவணங்களில் உள்ள இணைப்பு எதுவும் திறக்காது.

நான் தவறிய இடம் இதுதான். பக்கத்தை வெளியிட்டால் அதில் இணைத்த கோப்புகளும் எல்லோருக்கும் திறந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. டிரைவில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக அனுமதி உண்டு. கோப்பின் `Share` பகுதியில் `General access` என்ற இடத்தில் `Restricted` என்று இருக்கும். அதை `Anyone with the link` என்றும், அருகில் `Viewer` என்றும் மாற்ற வேண்டும். நம் கணினியில் நம் கணக்கு திறந்திருப்பதால் நமக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். அதனால்தான் தவறு நம் கண்ணில் படுவதில்லை.

தன்விவரக் குறிப்பை நான் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பாக வைத்திருக்கிறேன். அதன் முகவரியின் கடைசியில் `/edit` என்று தொடங்கும் பகுதியை நீக்கிவிட்டு இப்படி மாற்றிப் பக்கத்தில் இணைப்பாகக் கொடுத்தேன்.

```
https://docs.google.com/document/d/கோப்பின்-அடையாளம்/export?format=pdf
```

நடுவில் வரும் நீண்ட எழுத்துத் தொடரே கோப்பின் அடையாளம். இந்த இணைப்பை அழுத்துபவருக்கு அந்த நேரத்தில் உள்ள ஆவணம் பி.டி.எஃப். ஆக இறங்கும். நான் டாக்ஸில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஆவணத்தின் மேல்வரியில் பக்கத்தின் முகவரி இருக்கிறது. அச்சிட்ட தாளில் அதை அழுத்த முடியாது என்பதால் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடும் உண்டு. அந்தக் குறியீடு பக்கத்துக்கே செல்ல வேண்டும், கோப்புக்கு அல்ல. கோப்பு மாறலாம், பக்கத்தின் முகவரி மாறாது.

இன்னொன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை எடுத்து ஒட்டினால், தமிழ் என்ற சொல் `jkpo;` என்று தெரியும். யுனிகோடில் தட்டச்சு செய்தது மட்டுமே எல்லாக் கைப்பேசியிலும் தமிழாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும், குரோமில் `New Incognito window` திறந்து உங்கள் முகவரியைத் தட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் அழுத்துங்கள். `Sign in` அல்லது `You need access` என்று ஓரிடத்தில் வந்தாலும், பார்ப்பவருக்கும் அது திறக்காது. பிறகு அதையே வீட்டில் வேறொருவரின் கைப்பேசியிலும் பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால்தான் அன்று என் விண்ணப்பம் அப்படியே நின்றுபோனது. நீங்கள் அனுப்பும் முன் செய்துவிடுங்கள்.