நற்கருணைப் பேழையைச் சொல்லித் திட்டுகிறவர்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கனடா நாட்டின் மான்ட்ரியல் நகருக்குப் பிழைக்கப் போகும் நம் கத்தோலிக்கப் பிள்ளைகள், வேலைத்தலத்தில் பிரெஞ்சு பேசும் தொழிலாளிகள் கோபத்தில் கத்துவதைக் கேட்டு முதலில் திகைத்துப் போவார்கள். சுத்தியல் விரலில் பட்டால் ஒருவர் 'தபர்நாக்' என்பார். லாரி கிளம்பாவிட்டால் 'காலிஸ்' என்பார். இன்னும் கோபம் வந்தால் 'ஒஸ்தி', 'சிப்வார்', 'கிரிஸ்' என்று வரும். இவை அந்தக் கியூபெக் மாநிலத்தின் மிகக் கடுமையான கெட்ட வார்த்தைகள். பிள்ளைகள் வீட்டில் சொன்னால் அடி விழும்.

இவற்றின் பொருள் என்ன? தபர்நாக் என்பது நற்கருணைப் பேழை. காலிஸ் என்பது திருப்பலியில் நாம் இரசம் ஊற்றும் கிண்ணம். சிப்வார் என்பது நற்கருணை அப்பங்களை வைக்கும் மூடியுள்ள பாத்திரம். கிரிஸ் என்பது கிறிஸ்துவின் பெயர். ஒஸ்தி என்பது நற்கருணை அப்பம். நம் ஊர்ப் பாட்டிமார் 'ஓஸ்தி' என்று பக்தியோடு சொல்லும் அதே சொல். லத்தீனிலிருந்து ஒரு கிளை நம் கோவிலுக்கு வந்தது, இன்னொரு கிளை அங்கே திட்டாகிப் போனது.

ஆத்திரம் அதிகமானால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 'கிண்ணத்தின் அப்பத்தின் பேழையின்' என்பதுபோல் சங்கிலியாகச் சொல்வார்கள். இவற்றிலிருந்து வினைச்சொற்களும் பிறந்துவிட்டன. கிண்ணத்திலிருந்து வந்த வினைக்கு 'தூக்கி எறி' என்று பொருள்; கிறிஸ்துவின் பெயரிலிருந்து வந்த ஒன்றுக்கு 'இங்கிருந்து தொலைந்து போ' என்று பொருள். இத்தனைக்கும் பிரான்சு நாட்டில் மக்கள் கோபத்தில் சொல்வது, நம் ஊரைப்போல, விபசாரத்தையும் மலத்தையும் குறிக்கும் சொற்கள்தான். அதே சொற்களைக் கியூபெக்கில் சொன்னால் பெரிதாக யாரும் முகம் சுளிப்பதில்லை. மொழி ஒன்று. ஆனால் எந்தச் சொல் காதில் சுடுகிறது என்பது கடல் தாண்டியதும் மாறிவிட்டது.

ஏன் என்று கேட்க வேண்டும். 1760இல் அந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, பிரெஞ்சு மக்களுக்கு மிஞ்சிய பெரிய அமைப்பு திருச்சபைதான். பள்ளி, மருத்துவமனை, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் பங்குக் குருவின் கையில் இருந்தன. 1875இல் கியூபெக் அரசு தன் கல்வி அமைச்சகத்தையே மூடியது. கத்தோலிக்கப் பள்ளிகளின் பொறுப்பு ஆயர்கள் அமர்ந்த குழுவிடம் போனது. 1964 வரை அங்கே கல்வி அமைச்சகம் கிடையாது. ஒரு மனிதனுக்கு அரசனும் ஆசிரியரும் அண்டை வீட்டுக்காரரும் பங்குக் கோவிலில் ஒன்றாகக் கலந்து நின்றார்கள். அவன் எதிர்த்துப் பேச நினைத்தால் எதை எதிர்ப்பான்?

அதிலும் அவன் ஏன் கோவில் மணியையோ பீடத்து மெழுகுதிரியையோ சொல்லித் திட்டவில்லை? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னிருந்த வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பொதுநிலையினர் நற்கருணையைக் கையில் வாங்கியதில்லை, நாவில்தான் வாங்கினார்கள். நன்மை வாங்க நள்ளிரவு முதல் பட்டினி இருந்தார்கள். திருக்கிண்ணத்தைச் சாதாரணமாக யாரும் தொட முடியாது. பேழையின் முன் முழங்காலிடாமல் கடந்து போக முடியாது. எவற்றைச் சுற்றி வேலி மிக உயரமாக இருந்ததோ, அவற்றின் பெயர்களே திட்டுகளாயின. கையால் தொடக்கூடாததை அவன் நாவால் தொட்டான். நம்பாதவனுக்கு அந்தச் சொல்லில் எந்தச் சூடும் இருந்திருக்காது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தாமே சொல்லக் கூசி, 'தபர்நாக்' வாய்வரை வந்ததும் 'தபர்நூஷ்' என்று பாதியில் திருப்பிவிடுகிற கியூபெக் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இது கியூபெக்காரர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. இடைக்கால ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் உடல் உறுப்புகளின் பச்சையான பெயர்களை மருத்துவ நூலில்கூடக் கூச்சமின்றி எழுதினார்கள். ஆனால் 'ஆண்டவரின் எலும்பின்மேல் ஆணை', 'அவருடைய காயங்களின்மேல் ஆணை' என்று சூதாட்ட மேசையில் சத்தியம் செய்தால் அது பயங்கரமான பாவம். அங்கே பிராட்டன் என்னும் ஊரின் பழைய கோவிலில் 15ஆம் நூற்றாண்டுச் சுவர் ஓவியம் ஒன்று இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை அன்னை மரியா மடியில் ஏந்தியிருக்கிறார். அவரைச் சுற்றிப் பகட்டாக உடுத்திய இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆண்டவரின் உடலிலிருந்து பிய்த்த ஒரு பாகம். யார் எந்த உறுப்பின்மேல் ஆணையிட்டானோ அவன் அதைப் பிய்த்தெடுத்துவிட்டான் என்பது பொருள். கீழே இரண்டு பேர் விளையாட்டுப் பலகையின் அருகே சண்டையிடுகிறார்கள்.

இதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடக்கூடாது. பத்திரமும் கையொப்பமும் அரிதாக இருந்த காலத்தில், நிலம் யாருடையது, கடன் தீர்ந்ததா, கொலை செய்தது யார் என்பதையெல்லாம் ஆணைதான் முடிவு செய்தது. ஆணையிடுவது என்றால் கடவுளைச் சாட்சிக்கூண்டுக்கு அழைப்பது. பொய்யாணை இடுகிறவன் கடவுளையே பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறான். ஆணைக்கு மதிப்புப் போனால் ஊரில் நியாயமும் போய்விடும். விடுதலைப் பயண நூல் 20ஆம் அதிகாரத்தில் இறைவனின் பெயரை வீணாக எடுப்பதைப் பற்றிய கட்டளை, விபசாரத்தைப் பற்றிய கட்டளைக்கு முன்னால் வருவதை இந்தக் கண்ணோடு பார்த்தால் புரியும்.

இன்னொரு பயமும் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் இட்ட சட்டம் ஒன்று, தெய்வநிந்தனையால் பஞ்சமும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் வருகின்றன என்று காரணம் சொல்கிறது. ஆபாசமாகப் பேசுகிறவன் தன்னையும் கேட்பவனையும் கெடுக்கிறான். கடவுளை நிந்திக்கிறவனால் நகரமே அழியும் என்று ஆட்சியாளர்கள் நம்பினார்கள். அதனால்தான் தண்டனைகள் அவ்வளவு கொடூரமாயின. பிரான்சின் புனித லூயி அரசர் தெய்வநிந்தனை செய்த ஒருவருக்கு உதட்டில் சூடு போடச் செய்தார். திருத்தந்தை நான்காம் கிளமெந்து, உறுப்பைச் சிதைக்கும் தண்டனையும் மரண தண்டனையும் வேண்டாம் என்று அரசருக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. புனிதராக இருந்தும் அரசர் அங்கே எல்லை மீறினார் என்றே நாம் நினைக்கிறோம்.

இத்தாலியில் இது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1930ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 724ஆம் பிரிவு பொது இடத்தில் தெய்வநிந்தனை செய்வதைக் குற்றமாக்கியது. 1999இல் அது குற்றம் என்ற நிலையிலிருந்து இறக்கப்பட்டு, வெறும் அபராதமானது. கால்பந்து வீரர் மைதானத்தில் கெட்ட வார்த்தை சொன்னால் பல நேரம் நடுவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடவுளை நிந்தித்தால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் இத்தாலியர் செய்வதும் கியூபெக்காரர் செய்வதும் ஒன்றல்ல. இத்தாலியர் கடவுளையும் அன்னை மரியாவையும் விலங்கின் பெயர் சேர்த்து நேராகவே இழித்துப் பேசுகிறார்கள். கியூபெக்காரர் யாரையும் இழிக்கவில்லை. புனிதப் பொருளின் பெயரை இடம் தெரியாமல் இறக்கி வைக்கிறார்.

திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. கடவுளுக்கு எதிராக வெறுப்போடும் சவாலோடும் பேசுவதை 2148ஆம் எண்ணில் தெய்வநிந்தனை என்கிறது. நிந்திக்கும் நோக்கமில்லாமல் திருப்பெயரைத் தவறாக இழுப்பதை அடுத்த எண்ணில் தனியாக வைத்து, மரியாதைக் குறைவு என்கிறது. விரல் நசுங்கி 'தபர்நாக்' என்று கத்திய தொழிலாளியை முதல் கூட்டத்தில் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை. அவர் மனத்தில் பேழையே இல்லை, வலிதான் இருந்தது. பேழை மனத்தில் இல்லாமல் போனதே பெரிய இழப்பு என்று ஒருவர் சொன்னால் அதை நாம் மறுக்கவும் மாட்டோம்.

ஏனென்றால் 1960களுக்குப் பிறகு கியூபெக்கில் கோவில்கள் வேகமாகக் காலியாயின. திட்டுகள் மட்டும் தங்கிவிட்டன. சிப்வார் என்று தினமும் சொல்லும் இளைஞர்கள் பலருக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. 2006இல் மான்ட்ரியல் மறைமாவட்டம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 'பேழை', 'கிண்ணம்' என்ற இந்தச் சொற்களையே பெரிய எழுத்தில் விளம்பரப் பலகைகளில் போட்டு, கீழே அகராதியில் இருப்பதுபோல் அதன் உண்மையான பொருளை அச்சிட்டது. திட்டு என்று நினைத்து நின்று பார்த்தவர்கள் மறைக்கல்வி படித்துவிட்டுப் போனார்கள்.

சரி, நம் பக்கம் திரும்புவோம். நம் மக்கள் நற்கருணையைச் சொல்லித் திட்டுவதில்லை. அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வோம். நம் தெருவில் சண்டை வந்தால் முதலில் இழுக்கப்படுவது எதிராளியின் தாயும் தங்கையும். அந்தப் பெண்கள் சண்டையில் இல்லை; வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள். நம் சமுதாயத்தில் வேலி போட்டுக் காத்தது குடும்ப மானத்தை; அதைப் பெண்ணின் உடலில் வைத்தோம்; அதனால் கல்லும் அங்கேதான் விழுகிறது. சத்தியம் செய்யும்போது மட்டும் 'மாதா மேல சத்தியமா', 'பைபிள் மேல சத்தியமா' என்று கோவிலுக்கு ஓடுகிறோம், அதுவும் பெரும்பாலும் ஐம்பது ரூபாய்ச் சில்லறை விவகாரத்துக்கு.

அவர்கள் சொல்வது பெரிய பாவமா, நாம் சொல்வதா? மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இரண்டையும் ஒரே பேச்சில் எடுக்கிறார். சகோதரரை இழிசொல்லால் அழைப்பவர் தீர்ப்புக்கு ஆளாவார் என்கிறார். சற்றுத் தள்ளி, விண்ணுலகின்மேலும் எருசலேமின்மேலும் ஆணையே இட வேண்டாம் என்கிறார். யாக்கோபு தம் திருமடலின் 3ஆம் அதிகாரத்தில் இன்னும் நெருக்கமாக முடிச்சுப் போடுகிறார்: கடவுளைப் போற்றும் நாவாலேயே அவருடைய சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோமே என்று கேட்கிறார். அப்படியானால் ஒரு தாயின் பெயரைத் தெருவில் இழிப்பதும் பேழையின் கதவைத் தட்டத்தான் செய்கிறது.

நற்கருணை ஆசீருக்குப் பிறகு, கடவுளையும் இயேசுவையும் நற்கருணையையும் அன்னை மரியாவையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போற்றும் இறைப்புகழ் மன்றாட்டு நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை 1797இல் எழுதியவர் லூயிஜி ஃபெலிச்சி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. தெய்வநிந்தனையைக் கேட்டவர்களும், கோபத்தில் தாமே சொல்லிவிட்டவர்களும் பரிகாரமாகச் சொல்வதற்கென்றே அதை எழுதினார். நிந்திப்பவன் வாயில் எந்தெந்தப் பெயர்கள் அகப்படுமோ, அந்தப் பெயர்களையே எடுத்து ஒவ்வொன்றின் முன்னும் புகழ்ச்சியை வைத்தார். பின்வந்த திருத்தந்தையர் அதில் இன்னும் சில வரிகள் சேர்த்தார்கள். புனித யோசேப்பின் பெயர் 1921இல் சேர்ந்தது. கோவிலுக்கு வெளியே, பேருந்திலோ சந்தையிலோ, அப்படிப்பட்ட பேச்சு காதில் விழும்போதும் அதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அது அங்கே சொல்வதற்காக எழுதப்பட்டதுதான்.