பதில் வந்தது, தீர்வு வரவில்லை: மேலாளருக்கு எழுதும் மடல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மின்னஞ்சல். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் பலமுறை எழுதியும் ஒரே அச்சில் வார்த்த பதில்களே வந்துகொண்டிருக்கும்போது, அந்நிறுவனத்தின் மூத்த மேலாளர் ஒருவருக்கு நேரே எழுதுகிறோமே, அந்த மடல். அதை எப்படி எழுதினால் பயன் விளையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தெம்பனிசில் வாழ்ந்த ஒரு பெரியவரை எண்ணிக்கொள்ளுங்கள். மகள் வீட்டுக்குக் குடிபெயர முடிவு செய்கிறார். அவருடைய வீட்டு இணையச் சேவையின் ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. அவர் பிப்ரவரி 24ஆம் தேதியே எழுதி அறிவிக்கிறார். நிறுவனமும் ஓர் எண்ணிட்டு அதைப் பெற்றுக்கொண்டதாக மறுமொழி அனுப்புகிறது. ஏப்ரல் 2ஆம் தேதி இணையக் கருவியைக் கடையில் திருப்பிக் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொள்கிறார். ஆயினும் ஏப்ரல் 15ஆம் தேதியும் மே 15ஆம் தேதியும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ வழியாக 42 வெள்ளி 80 காசு கழிக்கப்படுகிறது.

அவர் நான்கு முறை எழுதுகிறார். நான்கு பதில்கள் வருகின்றன. முதல் பதில், உரிய பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது என்கிறது. இரண்டாவது, 14 வேலை நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும் என்கிறது. மூன்றாவது, நல்லெண்ண அடிப்படையில் 42 வெள்ளி 80 காசு கணக்கில் வரவு வைக்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது என்கிறது. நான்காவது, சேவையிலிருந்து விலக விரும்பினால் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்புக என்கிறது.

இந்தப் பதில்களின் மொழியைச் சற்றே உற்றுநோக்குவோம். தெரிவிக்கப்பட்டுள்ளது, எடுக்கப்படும், முடிக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. தமிழ் வினைமுற்றுக்கு ஒரு சிறப்பு உண்டு. எழுவாயைச் சொல்லாவிட்டாலும் விகுதியே செய்தவரைக் காட்டிவிடும். ‘அனுப்பினேன்’ என்றால் நான். ‘அனுப்பினீர்கள்’ என்றால் நீங்கள். செயப்பாட்டு வினையிலோ செய்தவர் மறைந்துவிடுகிறார். யார் தெரிவித்தார், யார் நடவடிக்கை எடுப்பார் என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அச்சுப் பதிலை அடையாளம் காண எளிய சோதனை ஒன்றும் உண்டு. பெயரை மட்டும் மாற்றி வேறொரு வாடிக்கையாளருக்கு அதே பதிலை அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால், உங்கள் கேள்விக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

இதற்காகச் சேவை அலுவலர்மீது சினம் கொள்வதில் பொருளில்லை. முதல் நிலையில் இருப்பவருக்கு ஆயத்தப் பதில்களின் தொகுப்பும், சிறு தொகையை வரவு வைக்கும் அதிகாரமும் இருக்கும். கணக்குப் பதிவைத் திருத்தும் அதிகாரம் பெரும்பாலும் இராது. எவ்வளவு விரைவில் பதில் அனுப்பினார், எத்தனை புகார்களை முடித்தார் என்றே அவருடைய பணி அளக்கப்படுகிறது. பதில் அனுப்பியதும் புகார் முடிந்ததாகக் கணக்காகிவிடும். நாம் புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் அது புதிய எண்ணோடு புதிய அலுவலரிடம் போகும். பழைய வரலாறு அவர் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே ஐந்தாம் முறையும் அதே பிரிவுக்கு எழுதினால் ஐந்தாவது அச்சுப் பதில்தான் கிடைக்கும்.

இப்போது மூன்றாம் பதிலுக்குத் திரும்புவோம். 42 வெள்ளி 80 காசு வரவு வைக்கப்பட்டது என்றதும் பாதித் தொகையாவது கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஜூன் 15ஆம் தேதி பணமும் கழிக்கப்படவில்லை. ஆனால் ஜூன் மாதக் கட்டண அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஜூன் மாதச் சேவைக்கு 42 வெள்ளி 80 காசு கட்டணம் விதித்து, வரவு வைத்த தொகையால் அதை ஈடுசெய்திருக்கிறார்கள். கணக்கு மூடப்படவே இல்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கான 85 வெள்ளி 60 காசு திரும்பவில்லை. ஜூலை 15ஆம் தேதி மீண்டும் பணம் கழியும். நோயின் வேர் கணக்குப் பதிவில் இருக்கிறது. வரவு வைத்தது ஒரு மாதக் காய்ச்சலைத்தான் தணித்தது.

நான்காம் பதில் இன்னும் கவனத்துக்குரியது. அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஜூன் மாதத்தில்தான் அவர் விலக விரும்பினார் என்று ஏட்டில் பதிவாகும். முன்னறிவிப்புக் காலமும் புதிதாக எண்ணப்படலாம். பிப்ரவரி 24இல் அனுப்பிய அறிவிப்பின் வலிமையை அவரே தம் கையால் குறைத்துக்கொண்டவர் ஆவார். எனவே படிவத்தை நிரப்பாமல், முன்னரே அறிவித்துவிட்டேன் என்பதை அவர் எழுத்தில் நிலைநாட்ட வேண்டும்.

இங்கேதான் மேலாளருக்கு எழுதும் மடலின் வேலை தொடங்குகிறது. அவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒரே ஒரு முடிவு. பட்ட துன்பங்களையெல்லாம் அடுக்கினால் அந்த முடிவு எதுவென்று அவருக்குத் தெரியாமல் போகும். பணத்தைத் திருப்பித் தருக என்று மட்டும் கேட்டால் மற்றொரு வரவு வைத்து முடித்துவிடுவார்கள். நம் பெரியவர் கேட்க வேண்டியது, கணக்கை மார்ச் 31 என்ற தேதியிட்டு மூடுக என்பதே. அதை மேலாளர் ஏற்றால், பணம் திரும்புவதும் இனிக் கட்டணம் வாராதிருப்பதும் அதன் விளைவாகவே நிகழ்ந்தாக வேண்டும்.

மடலைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்ப நேரும். எனினும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எப்போது, என்ன செய்தார் என்பதை வினைமுற்று கேட்டு வாங்கிவிடும். அந்த மடல் இப்படி அமையலாம்.

“பொருள்: பிப்ரவரி 24இல் அறிவித்த சேவை விலகல் பதிவாகவில்லை, கணக்கை மார்ச் 31 தேதியிட்டு மூட வேண்டுகிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா, என் இணையச் சேவையிலிருந்து மார்ச் 31இல் விலகுவதாகப் பிப்ரவரி 24ஆம் தேதி எழுதினேன். தங்கள் நிறுவனம் அதைப் பெற்றுக்கொண்டு ஓர் எண் வழங்கியது. ஏப்ரல் 2ஆம் தேதி கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டுக்கும் சான்று இணைத்துள்ளேன். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மொத்தம் 85 வெள்ளி 60 காசைத் தங்கள் நிறுவனம் என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. ஜூன் மாதமும் கட்டணம் விதித்தது.

ஏப்ரல் 18, மே 6, மே 20, ஜூன் 17 ஆகிய நாள்களில் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். பிப்ரவரி 24 அறிவிப்பு ஏன் பதிவாகவில்லை என்ற கேள்விக்கு நான்கு பதில்களிலும் விடை இல்லை. கடைசிப் பதில் புதிய படிவம் கேட்கிறது. முன்னரே அறிவித்துவிட்டதால் அதை நான் நிரப்பவில்லை.

என் கணக்கை மார்ச் 31 தேதியிட்டு மூடி, 85 வெள்ளி 60 காசை என் வங்கிக் கணக்குக்கே திருப்பி, நிலுவை ஏதுமில்லை என்று எழுத்தில் உறுதி செய்யுமாறு வேண்டுகிறேன். அடுத்த கட்டணம் ஜூலை 15ஆம் தேதி கழியும் என்பதால் ஜூலை 8ஆம் தேதிக்குள் தங்கள் முடிவை எதிர்பார்க்கிறேன். அதற்குள் தீராவிடின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடுவேன்.”

இவ்வளவே. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது. ‘வெட்கக்கேடு’, ‘ஏமாற்று’ போன்ற சொற்கள் இதில் இல்லை. அத்தகைய சொற்கள் வந்தால் மேலாளர் சொல்லுக்கு விடை எழுதுவார். செயலுக்கு விடை எழுதமாட்டார். ஜூலை 8 என்ற நாளுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. காரணமுள்ள கெடுவை மறுப்பது கடினம். மடலை ஒருவர் பெயருக்கே அனுப்புவது நலம். பத்துப் பேருக்கு அனுப்பினால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் இருந்துவிடுவர். பழைய புகார் எண்கள் அனைத்தையும் குறிப்பிட்டால், மேலாளர் யாரிடம் ஒப்படைத்தாலும் வரலாறு உடன் செல்லும். அடையாள அட்டை எண்ணை மடலில் எழுதத் தேவையில்லை. கணக்கு எண்ணே போதும்.

கடைசி வரியில் சொன்ன நடுவர் மன்றம் வெறும் அச்சுறுத்தல் ஆகாது. சிங்கப்பூரில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். வழக்கறிஞர் வாதாடுவதில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளி. ஆகவே 85 வெள்ளிக்காகவும் அங்கே செல்ல இயலும் என்பதை நிறுவனம் அறியும். ஆனால் செல்ல எண்ணாதவர் அவ்வரியை எழுதலாகாது. கெடு கடந்தபின் வாளாவிருந்தால் அடுத்த மடலுக்கு மதிப்பிராது.

இம்மடலுக்கு எல்லையும் உண்டு. அந்தப் பெரியவர் பிப்ரவரியில் அறிவிக்காமல் இருந்திருந்தால் ஒப்பந்தம் நிறுவனத்தின் பக்கமே நிற்கும். அப்போது உரிமையாகக் கேட்க இயலாது. சலுகையாகத்தான் வேண்ட முடியும். மடலின் நடையும் மாற வேண்டும். அதுபோலவே, முதல் பதில் வந்த மறுநாளே மேலாளருக்கு எழுதினால் அவர் அதைச் சேவைப் பிரிவுக்கே திருப்பி அனுப்புவார். ஒரே கேள்விக்கு இருமுறையேனும் விடை கிடைக்காமல், அவர்களே சொன்ன நாளும் கடந்திருக்க வேண்டும். நம் பெரியவருக்கு அந்த 14 வேலை நாள்கள் மே மாத இறுதியிலேயே கடந்துவிட்டன. அவர் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.