கடைசிக் குழாயில் குளோரின் இருக்கா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்க ஊர் கடற்கரை ஊர். மணலில் ஊத்து தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைச்ச பொம்பளைங்க இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கீங்க. 2009-இல் இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணி நம்ம மாவட்டத்துக்கு வந்தது. அதுக்கப்புறம் ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய். ஊராட்சியின் குடிநீர் சுகாதாரக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கணும்கிற விதியால் நானும் அதில் உறுப்பினர் ஆனேன். அந்தக் குழுவில் நான் கத்துக்கிட்டதைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்க ஊர்க் கடைசித் தெருவில் மூணு நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தொட்டி ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டோம். "தினமும் மருந்து கலக்குறேம்மா" என்றார். நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் 120 கிராம் என்று எழுதியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைசித் தெருத் தண்ணியில் குளோரின் துளிகூட இல்லை.

120 கிராம் எப்படி வருதுன்னு முதலில் சொல்லிடுறேன். 1000 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். எங்க மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். முப்பதை நாலால் பெருக்கினால் 120. இது தொட்டி முழுசா நிரம்பும் ஒரு தடவைக்கு. ஒரே நாளில் ரெண்டு தடவை நிரப்பினால் ரெண்டு தடவை கலக்கணும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழப்பி, பிறகு வாளி நிறையத் தண்ணி ஊத்திக் கலக்கி, கால் மணி நேரம் தெளிய விடணும். சுண்ணாம்பு அடியில் தங்கிடும். மேலே நிற்கும் தெளிஞ்ச தண்ணியை மட்டும், தொட்டி நிரம்பிக்கிட்டு இருக்கும்போது ஊத்தணும். அப்பத்தான் நல்லாக் கலக்கும். அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஊருக்குத் திறந்து விடணும். கிருமி சாக அந்த நேரம் வேணும்.

சரி, அண்ணன் இதையெல்லாம் செய்தார். பிறகு எங்கே போச்சு குளோரின்?

குளோராஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கு. குழாயைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, கண்ணாடிக் குப்பியைக் கழுவி, கோடு வரைக்கும் தண்ணி பிடிச்சு, பெட்டியில் சொன்ன அளவு மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பெட்டியில் உள்ள நிறத்தோடு வெளிச்சத்தில் உடனே ஒப்பிட்டுப் பார்க்கணும். குடிக்கும் இடத்தில் குறைஞ்சது 0.2 இருக்கணும். அதாவது ஒரு லிட்டர் தண்ணியில் 0.2 மில்லிகிராம். நிறமே வரலைன்னா குளோரின் இல்லை.

இதுவரைக்கும் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில் மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம், அதுவும் எப்பவாவது. அன்னையிலிருந்து நோட்டில் ரெண்டு கட்டம் போட்டோம். ஒண்ணு தொட்டிக் குழாய், இன்னொண்ணு கடைசித் தெருக் குழாய். தண்ணி விடும் நாளெல்லாம் ரெண்டு இடத்திலும் பார்த்து எழுதணும். குழு நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகின நமக்கு இது பெரிய வேலை இல்லை.

ஒரு வாரத்திலேயே நோட்டு பேச ஆரம்பிச்சது. 4 கிராம் கணக்குக்குத் தொட்டிக் குழாயில் 1-க்குப் பக்கமாவது காட்டணும். எங்களுக்கு 0.3, 0.2 என்றுதான் வந்தது. தொட்டியிலேயே குறையுதுன்னா தப்பு பவுடரில்தான். மோட்டார் ரூமில் போய்ப் பார்த்தால் மூட்டை வாய் திறந்து கிடக்கு. கடல் காத்து பட்டுப் பவுடர் கட்டி கட்டியா, ஈரமா இருக்கு. மூக்கில் ஏறும் நெடியே இல்லை. நல்ல பவுடரில் நூத்துக்கு முப்பத்துமூணு பங்கு குளோரின் இருக்கும். ஈரக்காத்தும் வெயிலும் பட்டால் சீக்கிரமே பாதிக்குக் கீழே இறங்கிடும். 120 கிராம் சரியா நிறுத்துப் போட்டாலும் போனது பாதி சுண்ணாம்புதான்.

புதுசு வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தோம். திறந்த தேதியை டிரம்மிலேயே எழுதினோம். மறுநாளே தொட்டிக் குழாயில் 1 காட்டியது. கடைசித் தெருவில்? அப்பவும் ஒண்ணும் இல்லை.

தொட்டியில் இருக்கு, கடைசியில் இல்லைன்னா வழியில் ஏதோ அழுக்கு அதைத் தின்னுது என்று அர்த்தம். நானும் இன்னும் ரெண்டு பேரும் பைப் போன வழியே நடந்தோம். நாலு வீட்டில் வேகம் பத்தலைன்னு குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி வெச்சிருந்தாங்க. குழி நிறையக் கழிவுத்தண்ணி. தண்ணி நிறுத்தின பிறகு பைப் வெறுமையாகும்போது அந்தக் குழித் தண்ணியை உள்ளே இழுக்கும். அடுத்த நாள் அதுதான் கடைசித் தெருவுக்கு முதலில் போகும். எல்லாரும் சொந்தக்காரங்க, கோபப்பட்டாங்க. நோட்டைக் காட்டினோம். குழியை மூடி, குழாயை மேலே ஏத்தின பிறகு கடைசிக் குழாயில் 0.2 வந்தது. பவுடரை மட்டும் கூட்டிக் கூட்டிப் போட்டிருந்தால் தொட்டிப் பக்கத்து வீட்டுக்காரங்க நெடி தாங்காமல் தண்ணியைக் கொட்டியிருப்பாங்க. கடைசித் தெரு அப்படியே இருந்திருக்கும்.

ஒண்ணு மறந்துடாதீங்க. குளோரின் கிருமியைத்தான் கொல்லும். நம்ம போர் தண்ணியில் இருக்கும் உப்பை ஒண்ணும் செய்யாது. கலங்கின தண்ணியிலும் சரியா வேலை செய்யாது. அதனால்தான் மாசம் ரெண்டு தடவை தொட்டியை இறக்கி, சேறு வழிச்சுக் கழுவி, கழுவின தேதியைத் தொட்டியிலேயே எழுதுறது.

இதுக்கெல்லாம் காசு? கட்டணத்தை ஊராட்சிதான் தீர்மானிக்கணும். குழு கணக்குப் போட்டுக் கிராம சபையில் வைக்கும். புரியறதுக்காக 180 இணைப்பு இருக்கும் ஊர் என்று வெச்சுக்குவோம். பவுடர் மாசம் 3.6 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றாலும் 180 ரூபாய். வீட்டுக்கு ஒரு ரூபாய்தான்! பெரிய செலவு கரண்டு, ஆபரேட்டர் சம்பளம், வால்வு, பைப் ரிப்பேர். எல்லாம் சேர்த்து மாசம் 7,200 ரூபாய் என்றால் வீட்டுக்கு 40. ஆனா 120 வீடுதான் கட்டுதுன்னா, அதே செலவுக்குக் கட்டுற வீடு ஒவ்வொண்ணும் 60 தரணும். 60 என்று கூட்டினால் கட்டுறவங்களும் நிறுத்துவாங்க. அதனால் கட்டணத்தைத் தொடும் முன்னாடி நிலுவையைப் பாருங்க. கேட்பு, வசூல், நிலுவை என்று மூணு கட்டம் உள்ள பதிவேடு ஊராட்சியில் இருக்கும். ஒரு வீட்டுக்கு மாசம் 40, பத்து மாசம் கேட்பு 400, கட்டினது 240, நிலுவை 160. இப்படி வீடு வீடாக் கணக்கு வந்தால், கட்ட முடியாத விதவை யாரு, கட்ட மனசில்லாத மாடி வீடு யாருன்னு தெரிஞ்சுடும். முன்னவங்களுக்கு என்ன செய்யலாம்னு கிராம சபை பேசி முடிவு பண்ணட்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். பின்னவங்க வீட்டுக்கு நாமளே ரெண்டு பேரா நேரில் போகலாம். வாங்கின காசுக்கு ரசீது கொடுக்காமல் மட்டும் வராதீங்க.

மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்னைக்கும் கிராம சபை உண்டு. போன தடவை அங்கே நிலுவைப் பட்டியலோடு கடைசிக் குழாய் நோட்டையும் வாசிச்சோம். இந்த மாசத்து நோட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கேன். அந்த மேசையில் இருக்கு. சாப்பாட்டுக்குப் போகும்போது புரட்டிப் பாருங்க. 14-ஆம் தேதி கடைசிக் குழாய்க் கட்டம் காலியா இருக்கும். அன்னைக்கு என் முறை. நான் மறந்துட்டேன்.