எண்பதுக்குப் பிறகு ஏன் மெதுவாகிறது?

மாமல்லபுரம் போகும் வழியில் மின்சாரக் காரை வேகச் சார்ஜரில் போடுகிறீர்கள். 80 சதவீதம் வரை விறுவிறுவென ஏறுகிறது. பிறகு மெதுவாகிறது. சார்ஜர் பழுதா? இல்லை.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் காலிப் பேருந்து வந்தால், முதலில் ஏறுபவர் சட்டென்று உட்காருவார். கடைசியில் ஏறுபவர் இடம் தேட வேண்டும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகளும் அப்படித்தான். அவசரமாகத் தள்ளினால், இடம் கிடைக்காத லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் காரே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெயிலில் வேகமாக ஓட்டிவந்து பேட்டரி மிகவும் சூடேறியிருந்தால், 80-க்கு முன்பே குறைக்கும்.

மஹிந்திராவின் பிஇ 6 காருக்கு நிறுவனம் சொல்லும் 20 நிமிடக் கணக்கும், 20-லிருந்து 80 சதவீதம் வரைதான்.

எனவே வழியில் 80 ஆனதும் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள். அடுத்தவர் காத்திருப்பார். மீதியை இரவில், வீட்டில், மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.